பன்னிரண்டால் வகுத்தேன், ஆடிட்டர் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிட்டார்: தீ இன்சூரன்ஸ் பிரீமியம் கணக்கு

பீன்யாகணக்கு:
பெங்களூரு பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் கணக்கு பார்க்கிறேன். கூட்டு வியாபாரம், கம்பெனி இல்லை. சேர்ந்து பத்து மாதம்தான் ஆகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் இன்சூரன்ஸ் கட்டிய அன்றே மொத்தத்தையும் செலவில் எழுதிவிடுவார். முதலாளிக்கு மாதாமாதம் லாப நஷ்டம் பார்க்கும் பழக்கம் உண்டு, அதனால் அந்த ஒரு மாதம் மட்டும் "ஏன்யா இவ்வளவு கம்மி?" என்று கத்துவாராம். அதனால் நான் வந்ததும் பிரீபெய்டு இன்சூரன்ஸ் என்று ஒரு லெட்ஜர் திறந்து மாதாமாதம் பிரித்துப் போட ஆரம்பித்தேன்.

கட்டிடம், மெஷின், சரக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தீ பாலிசி. கட்டியது 86,140 ரூபாய், 2024 அக்டோபர் 29 அன்று. அதைப் பன்னிரண்டால் வகுத்து அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஆறு மாதம் 7,178 ரூபாய்ச் சொச்சம் செலவுக்கு எடுத்தேன். ஆக 43,070 செலவு, 43,070 மிச்சம். பாதிக்குப் பாதி, பார்க்கவே அழகாக இருந்தது. ஆடிட்டர் ஆபீஸ் பையன் "இது தப்பு, பாலிசியைப் படி" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டான். பாலிசியில் என்ன படிப்பது, அது நாற்பது பக்கம். எங்கே தப்பு?

கரோல்பாக்தமிழன்:
தம்பி, மாதாமாதம் கட்டுவதாக மாற்றிக்கொள்ளுங்கள், தலைவலியே இல்லை. நான் டெல்லியில் என் பாலிசியை அப்படித்தான் மாற்றினேன், வங்கியிலிருந்து 5ஆம் தேதி தானாகவே போய்விடும். வருஷத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் கூட வருகிறது, ஆனால் கை கடிக்காது.

பீன்யாகணக்கு:
அண்ணா, நீங்கள் சொல்வது ஆயுள் காப்பீடு. இது பட்டறைக்கான தீ பாலிசி, அதுவும் ஏற்கெனவே கட்டி முடித்தாகிவிட்டது. கட்டிய பணத்தைக் கணக்குப் புத்தகத்தில் எப்படிப் பிரிப்பது என்பதுதான் கேள்வி.

கரோல்பாக்தமிழன்:
ஓ, அப்படியா. சரி சரி. அப்படியென்றால் எனக்குத் தெரியாது, ஆனால் படிக்கிறேன்.

சிக்பேட்டைபழசு:
இருபத்தைந்து வருஷமாகச் சிக்பேட்டையில் ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். பிரித்ததே கிடையாது. கட்டிய வருஷத்தில் செலவு, அவ்வளவுதான். ஒவ்வொரு வருஷமும் ஒரு பிரீமியம் கட்டுகிறோம், ஒவ்வொரு வருஷமும் ஒரு பிரீமியம் செலவில் வருகிறது. இந்த வருஷத்து மிச்சத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினால் போன வருஷத்து மிச்சம் இந்த வருஷத்துக்கு வரும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதே தொகைதான். எதற்கு இந்த வேலை?

மாட்டுங்காபேரேடு:
பழசு சார் சொல்வதில் பாதி சரி. பிரீமியம் மாறாமல், பாலிசி தேதியும் மாறாமல் வருஷா வருஷம் ஓடுகிற கடைக்கு ஆண்டுக் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. தொகையும் சின்னதென்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் இங்கே முதலாளி மாதக் கணக்கு பார்க்கிறார், அவருக்கு இந்தச் சமாதானம் உதவாது. பிரிக்காத வழக்கத்திலிருந்து பிரிக்கிற வழக்கத்துக்கு மாறுகிற முதல் வருஷத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதை அப்புறம் பார்ப்போம்.

தம்பி, நாற்பது பக்கமும் படிக்க வேண்டாம். முதல் பக்கத்தில் ஷெட்யூல் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மூன்று விஷயம் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பாலிசி எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, நிகர பிரீமியம் எவ்வளவு, ஜிஎஸ்டி எவ்வளவு. பட்டறையின் ஜிஎஸ்டி எண் அதில் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பீன்யாகணக்கு:
மேடம், 12-11-2024 முதல் 11-11-2025 நள்ளிரவு வரை. பிரீமியம் 73,000. சிஜிஎஸ்டி 6,570, எஸ்ஜிஎஸ்டி 6,570. எங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கிறது.

மாட்டுங்காபேரேடு:
பையன் சொன்னது இதைத்தான். இரண்டு தப்பு இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடப்பதால்தான் உங்களுக்குத் தெரியவில்லை.

முதலாவது, தேதி. பணம் போன தேதியைப் பிடித்துக்கொண்டீர்கள். இன்சூரன்ஸில் பணம் முன்னால்தான் போகும், 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி ரிஸ்க்கை ஏற்கவே கூடாது. அதனால் புதுப்பிக்கும்போது பத்து இருபது நாள் முன்னாலேயே கட்டிவிடுகிறோம். ஆனால் அக்டோபர் 29 முதல் நவம்பர் 11 வரை உங்கள் பட்டறையைக் காத்தது பழைய பாலிசி. புதுப் பாலிசி அந்தப் பதினான்கு நாளும் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை, அப்புறம் எப்படி அக்டோபருக்குச் செலவு? நவம்பரிலும் முழு மாதம் கிடையாது, 12 முதல் 30 வரை பத்தொன்பது நாள்தான்.

73,000 ரூபாயை 365 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 200, உங்கள் அதிர்ஷ்டம், முழு எண்ணாக வருகிறது. நவம்பர் 19 நாளுக்கு 3,800, டிசம்பருக்கு 6,200, ஜனவரிக்கு 6,200, பிப்ரவரி 28 நாளுக்கு 5,600, மார்ச்சுக்கு 6,200. மொத்தம் 140 நாள், 28,000 ரூபாய். மிச்சம் 225 நாளுக்கு 45,000. மார்ச் 31 அன்று பிரீபெய்டு லெட்ஜரில் இருக்க வேண்டியது இந்த 45,000தான்.

இரண்டாவது தப்பு ஜிஎஸ்டி. பட்டறைத் தீ பாலிசிக்குக் கட்டிய ஜிஎஸ்டியை நீங்கள் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். எடுக்கக்கூடிய வரி செலவே இல்லை, அதைப் பிரிக்கவும் கூடாது. கட்டிய அன்றே 13,140 ரூபாய் இன்புட் லெட்ஜருக்குப் போயிருக்க வேண்டும். நீங்கள் அதையும் சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்திருக்கிறீர்கள். ரிட்டர்ன் யார் போடுகிறார்கள்?

பீன்யாகணக்கு:
ரிட்டர்ன் வெளியில் ஒரு கன்சல்டன்ட் போடுகிறார். GSTR-2B இறக்கி அதிலிருந்தே எடுத்துக்கொள்வார். இப்போதுதான் உறைக்கிறது, நம் புத்தகத்துக்கும் போர்ட்டலுக்கும் நவம்பரிலிருந்து 13,140 இடிக்கிறது! அது ஏதோ சப்ளையர் பில் விட்டுப்போனது என்று நினைத்து ஐந்து மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மாட்டுங்காபேரேடு:
அதேதான். பாதி வரி, அதாவது 6,570, செலவுக்குள் போய்விட்டது, மறு பாதி இன்னும் பிரீபெய்டில் உட்கார்ந்திருக்கிறது. ரிட்டர்னில் வரவு எடுத்தாகிவிட்டதால் பணம் போகவில்லை. கன்சல்டன்ட் உங்கள் டாலியைப் பார்த்து ரிட்டர்ன் போடுகிற ஆளாக இருந்திருந்தால் அந்த வரவே போயிருக்கும். 2024-25 பில்லுக்கு 2025 நவம்பர் 30 வரைதான் கெடு, அதற்குள் ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் அத்தோடு முடிந்தது.

நீங்கள் செலவில் காட்டியது 43,070. காட்ட வேண்டியது 28,000. கூடுதல் 15,070. அதில் 6,570 ஜிஎஸ்டியால் வந்தது, மீதி 8,500 தேதியால் வந்தது. மார்ச் 31 தேதியிட்டு ஒரே ஜர்னலில் சரிசெய்யலாம்: இன்புட் சிஜிஎஸ்டி 6,570 டெபிட், இன்புட் எஸ்ஜிஎஸ்டி 6,570 டெபிட், பிரீபெய்டு இன்சூரன்ஸ் 1,930 டெபிட், இன்சூரன்ஸ் செலவு 15,070 கிரெடிட். பிரீபெய்டு 43,070லிருந்து 45,000க்கு ஏறும். ஏறாவிட்டால் வேறு ஏதோ இருக்கிறது.

மாதக் கணக்கை முதலாளி ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்றால் பழைய மாதங்களைக் கிண்ட வேண்டாம், மார்ச்சில் ஒரு வரி விளக்கம் எழுதிவிடுங்கள்.

ஓசூர்ரோடுஎச்ஆர்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஆபீஸில் நாற்பது பேருக்குக் குரூப் மெடிக்ளெய்ம் எடுத்தோம். இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் அக்கவுன்டன்ட்டிடம் போய், நீயும் ஜிஎஸ்டியைச் சேர்த்துத்தானே பிரிக்கிறாய், தப்பு என்றேன். அவர் முறைக்கிறார். யார் சரி?

மாட்டுங்காபேரேடு:
அவர்தான் சரி. ஊழியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் உள்ளீட்டு வரவு கிடையாது, ஜிஎஸ்டி சட்டம் 17(5) தடுக்கிறது. முதலாளி அதை எடுத்தே ஆக வேண்டும் என்று ஏதாவது சட்டம் கட்டாயப்படுத்தினால் மட்டும் விலக்கு. திரும்ப வராத வரி செலவோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் பிரீமியமும் வரியும் சேர்ந்த மொத்தத் தொகையை நாள்களுக்குப் பிரிக்க வேண்டும். வரவு எடுக்க முடிகிற வரியா என்ற கேள்வியைப் பாலிசிக்குப் பாலிசி கேட்க வேண்டும், ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்குப் போடக் கூடாது.

ஓசூர்ரோடுஎச்ஆர்:
சரி, போய் ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

எக்செல்பைத்தியம்:
நாளாக எண்ணுவதை விரல் விட்டுச் செய்தால் எங்காவது ஒரு நாள் கூடும், குறையும். A2-வில் பிரீமியம், B2-வில் ஆரம்பத் தேதி, C2-வில் முடியும் தேதி, D1-லிருந்து வலப்பக்கமாக ஒவ்வொரு மாதத்தின் 1ஆம் தேதி. D2-வில் இதைப் போட்டு இழுத்துவிடுங்கள்:

```
=MAX(0, MIN(EOMONTH(D$1,0),$C2) - MAX(D$1,$B2) + 1) * $A2 / ($C2-$B2+1)
```

நடுவில் வரும் +1ஐ விட்டுவிடாதீர்கள், ஆரம்ப நாளும் கணக்கில் சேர வேண்டும். முடியும் தேதியை 12-11-2025 என்று போட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு, அப்போது 366 நாள் ஆகிவிடும். முதலில் C2-B2+1 என்ன வருகிறது என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையின் கடைசியில் ஒரு கூட்டல் போட்டால் அது A2-வோடு பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டும்.

ரவுண்டு பண்ணுகிறவர்கள் கடைசி மாதத்தில் மிச்சத்தைப் போட்டுப் பூஜ்ஜியமாக்குங்கள். எங்கள் பழைய ஆபீஸில் பிரீபெய்டில் 1 ரூபாய் 37 காசு மூன்று வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது, எழுதித் தள்ள யாருக்கும் தைரியமில்லை.

சிக்பேட்டைபழசு:
நாள் கணக்கு போட்டால் பிப்ரவரியில் 5,600, மார்ச்சில் 6,200. கட்டிடம் அதேதான், மெஷின் அதேதான், பிப்ரவரியில் மட்டும் தீப்பிடிக்கும் ஆபத்து குறைந்துவிடுமா? மாதக் கணக்கு பார்க்கிற முதலாளிக்கு இது இன்னும் குழப்பம். மாதத்துக்கு 6,083 என்று சமமாகப் போட்டுவிட்டு முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும் மட்டும் நாளாகப் பிரித்தால் போதாதா?

எக்செல்பைத்தியம்:
சார், அப்படிச் செய்தால் மார்ச் மிச்சம் மாறும்.

சிக்பேட்டைபழசு:
எவ்வளவு மாறும்? நவம்பர் 3,800, அப்புறம் நான்கு மாதம் 6,083 ரூபாய்ச் சொச்சம் வீதம். 28,000க்குப் பதில் 28,133 வரும். நூற்று முப்பத்து மூன்று ரூபாய்க்காகவா ஃபார்முலா?

மாட்டுங்காபேரேடு:
இதில் நான் சார் பக்கம். ஏதாவது ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாலிசிக்கும் எல்லா வருஷமும் அதையே செய்தால் சரி. நான் நாள் கணக்குதான் போடுகிறேன், ஏனென்றால் நடுவில் பாலிசியை ரத்து செய்தாலும் தொகையைக் கூட்டினாலும் இன்சூரன்ஸ்காரர்கள் பேசுவது நாள் கணக்குதான்.

பீன்யாகணக்கு:
நடுவில் கூட்டுவது என்றதும் ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் புதிதாக ஒரு சிஎன்சி மெஷின் வாங்கினோம். அதைப் பாலிசியில் சேர்க்க எண்டார்ஸ்மென்ட் வாங்கினோம், பிப்ரவரி 1 முதல். கூடுதல் பிரீமியம் 14,200. இதை நான் அப்படியே செலவில் எழுதிவிட்டேன், சின்னத் தொகைதானே என்று. ஜிஎஸ்டி மட்டும் சரியாக இன்புட்டில் போட்டிருக்கிறேன், அது எப்படி என்று கேட்காதீர்கள்.

மாட்டுங்காபேரேடு:
அதற்கும் பிரீபெய்டு உண்டு. எண்டார்ஸ்மென்ட் தனி வருஷம் ஓடாது, அசல் பாலிசி முடிகிற அன்றே முடியும். பிப்ரவரி 1 முதல் நவம்பர் 11 வரை 284 நாள், நாளுக்கு 50 ரூபாய். மார்ச் வரை 59 நாள், 2,950 இந்த வருஷச் செலவு. 11,250 மிச்சம். பிரீபெய்டு 11,250 டெபிட், இன்சூரன்ஸ் செலவு 11,250 கிரெடிட். ஆக மார்ச் 31 மிச்சம் 56,250. சரிபார்க்க எளிய வழி இருக்கிறது: நாளுக்கு 200, அதோடு 50, இரண்டும் சேர்ந்து 250, அதை மீதமுள்ள 225 நாளால் பெருக்குங்கள்.

இதைப் பழைய 73,000 ரூபாயோடு கூட்டி மறுபடியும் பன்னிரண்டால் வகுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் மெஷின் வருவதற்கு முந்தைய மாதங்களுக்கும் அதன் செலவு ஏறிவிடும். எக்செலில் தனி வரிசையாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஆரம்பத் தேதி வேறு, முடியும் தேதி ஒன்று.

எக்செல்பைத்தியம்:
டாலியில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. F7-இல் ஜர்னல் திறந்து ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு வவுச்சரையும் இப்போதே போட்டு, ஒவ்வொன்றையும் Ctrl+T அழுத்திப் போஸ்ட்-டேட்டட் ஆக்கிவிடலாம், அந்தத் தேதி வரும்வரை கணக்கில் ஏறாது. ஆனால் எண்டார்ஸ்மென்ட் வந்தாலோ பாலிசியை ரத்து செய்தாலோ இந்த வவுச்சர்களை யாரும் ஞாபகம் வைத்துத் திருத்துவதில்லை. அதனால் நான் இப்போதெல்லாம் மாதாமாதம் கையாலேயே போடுகிறேன், ஷீட்டில் உள்ள மிச்சமும் லெட்ஜர் மிச்சமும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

பீன்யாகணக்கு:
எல்லாம் போட்டுப் பார்த்தேன். பிரீபெய்டு 56,250, போர்ட்டலோடு இருந்த 13,140 வித்தியாசமும் ஒழிந்தது. ஆனால் இப்போது வேறு பிரச்சினை. இந்த வருஷ இன்சூரன்ஸ் செலவு 30,950 என்று காட்டுகிறது. போன வருஷம் 65,880. முதலாளி "பிரீமியம் ஏறியிருக்கிறது, செலவு எப்படிப் பாதியாகும்?" என்கிறார். நியாயமான கேள்விதானே.

மாட்டுங்காபேரேடு:
நான் அப்புறம் என்று சொன்னது இதைத்தான். பழைய பாலிசி 2023 நவம்பர் 12 முதல் 2024 நவம்பர் 11 வரை இருந்திருக்கும். பிப்ரவரி 29 நடுவில் வருவதால் அதற்கு 366 நாள், நாளுக்கு 180 ரூபாய். 2024 மார்ச் 31 அன்று 225 நாள் மிச்சம், 40,500 ரூபாய். அது இந்த வருஷம் ஏப்ரல் முதல் நவம்பர் வரையான செலவு, ஆனால் உங்களுக்கு முன்னால் இருந்தவர் போன வருஷத்திலேயே எழுதிவிட்டார். அதனால் இந்த வருஷம் ஏப்ரல் முதல் நவம்பர் 11 வரை பட்டறை ஓசியில் காக்கப்பட்டது போலத் தெரிகிறது. உண்மையான இந்த வருஷச் செலவு 40,500 கூட்டல் 28,000 கூட்டல் 2,950, ஆக 71,450.

கணக்கியல் தரம் 5 படி இது முந்தைய காலத் திருத்தம். இந்த வருஷ லாப நஷ்டத்திலேயே 40,500ஐ முந்தைய ஆண்டுச் செலவு திரும்பியது என்று தனி வரியாக வரவு காட்டி, இன்சூரன்ஸ் செலவில் அதே 40,500ஐச் சேர்க்கலாம். நிகர லாபம் மாறாது, வரியில் ஒரே செலவை இரண்டு தடவை கழித்ததாகவும் ஆகாது. இன்சூரன்ஸ் வரி மட்டும் 71,450 என்று ஒழுங்காக நிற்கும், அடுத்த வருஷத்தோடு ஒப்பிடவும் முடியும்.

சிக்பேட்டைபழசு:
நிகர லாபம் மாறாது என்றால் எதற்கு அந்த வித்தை? கீழே ஒரு குறிப்பு எழுதி விட்டுவிடலாம். இதற்குத்தான் நான் முதலிலேயே சொன்னேன், பிரிக்க ஆரம்பித்தால் பின்னாலும் பிரிக்க வேண்டிவரும்.

பீன்யாகணக்கு:
சார், விட்டுவிட முடியாது போலிருக்கிறது. மூன்று பேர் சம பங்கில் இருந்தார்கள், அதில் ஒருவர் 2024 மார்ச் 31 அன்று விலகிவிட்டார். அந்த வருஷ லாபத்தை வைத்துத்தான் அவருக்குக் கணக்கு முடித்தார்கள். அந்த லாபத்தில் 40,500 கூடுதலாகக் கழித்திருக்கிறோம் என்றால் அவர் பங்கு 13,500 குறைந்துதானே போயிருக்கிறது?

மாட்டுங்காபேரேடு:
ஆமாம். நான் சொன்ன முறையில் அந்த 40,500 இப்போது இருக்கிற இரண்டு பேருக்குத்தான் சேரும். அவர் கையெழுத்துப் போட்ட விலகல் பத்திரத்தில் இறுதித் தீர்வு என்று எழுதியிருந்தால் பின்னால் தெரியவந்த கணக்குத் தப்புகளையும் அது மூடுமா என்பதைப் பத்திரத்தின் வாசகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதை நானோ நீங்களோ முடிவு செய்ய முடியாது.

சிக்பேட்டைபழசு:
மூடும். எங்கள் வழக்கத்தில் கை நனைத்த பிறகு கணக்கைத் திறப்பதில்லை. அதோடு அந்த வருஷ ஆரம்பத்தில் 2022 பாலிசியின் மிச்சமும் இதே போல முந்தின வருஷத்தில் எழுதப்பட்டிருக்குமே, அதன் லாபம் அவருக்கு வந்திருக்குமே. அதைக் கழித்தீர்களா?

மாட்டுங்காபேரேடு:
நல்ல கேள்வி, அதை நான் யோசிக்கவில்லை. 2023 ஏப்ரல் முதல் நவம்பர் வரைக்கான செலவு அதற்கு முந்தின வருஷத்தில் எழுதப்பட்டிருந்தால் 2023-24இல் அந்தப் பாரம் இல்லை. அப்படியானால் அவருக்கு உண்மையில் குறைந்தது முழு 13,500 இல்லை, இரண்டு வருஷ மிச்சங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் முந்தின வருஷத்தில் சுமந்ததும் அவரும் சேர்ந்துதானே, அவர் கூட்டில் சேர்ந்த நாள் வரைக்கும் பின்னால் போக வேண்டியிருக்கும் போலிருக்கிறது. தம்பி, 2022 பாலிசி ஃபைலில் இருக்கிறதா?

பீன்யாகணக்கு:
மாடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது, அதில் தேடுகிறேன். முதலாளியிடம் 13,500 பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை. முதலில் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

கரோல்பாக்தமிழன்:
ஒரு சந்தேகம். விலகியவர் இந்தத் தளத்தில் இல்லை என்று நிச்சயமாகத் தெரியுமா?